ஷோல்டர் பிரஸ் செய்யும்போது தோள்பட்டையைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். காலையில மாமாவோட கரைவலை இழுக்கப் போறனான், பின்னேரம் ஜிம். ஷோல்டர் பிரஸ் செய்யேக்க தோளைக் கீழ இழுத்து, பின்னால சேர்த்து, அப்படியே பூட்டி வைச்சுத் தூக்கச் சொல்லுறாங்க. அப்படிச் செய்தா கை காதடிக்கு வருதில்ல, நாரி வளையுது, வலப்பக்கத் தோள் நுனியும் நோகுது. தோள்பட்டை அசையலாமா, அசையக் கூடாதா?

பதில்:

அசையத்தான் வேண்டும் தம்பி. அசையாவிட்டால் கை மேலே போக வழியே இல்லை. உங்களுக்குச் சொல்லித் தந்தது பிழையான பாடமில்லை, வேறொரு பயிற்சிக்குரிய பாடம். பெஞ்ச் பிரஸில் முதுகு வாங்கோடு ஒட்டிக் கிடக்கிறது. பாரத்தை நெஞ்சுக்கு இறக்கும்போது அடியில் ஆடாத ஒரு தளம் வேண்டும் என்பதற்காகத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துக் கீழே இறுக்குகிறார்கள். அங்கே கை உடம்புக்கு நேர் முன்னால்தான் நிற்கிறது, தலைக்கு மேலே போவதில்லை. அதே பேச்சை ஷோல்டர் பிரஸுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். இலங்கையில் மட்டுமில்லை, ஜிம் இருக்கிற எல்லா ஊரிலும் இந்தக் கலப்படம் நடக்கிறது.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள், பிறகு நான் சொல்வது இலகுவாக விளங்கும். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு நண்பனைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பு முக்கோண வடிவம். அதன் கீழ்நுனி, கை தொங்கும்போது முதுகெலும்பிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி இருக்கும். அந்த நுனியில் அவர் தன் பெருவிரலை வைத்துக்கொள்ளட்டும். இப்போது பாரம் எதுவும் இல்லாமல் கையை முன்பக்கமாக மெதுவாக மேலே தூக்குங்கள். தொடக்கத்தில் நுனி அவ்வளவாக அசையாது. கை நெஞ்சு மட்டத்தை நெருங்கும்போது அது விலாவைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓடத் தொடங்கும். கை காதடிக்கு வந்து நிற்கும்போது அந்த நுனி முதுகில் இருக்காது. கமக்கட்டுக்குக் கீழே, பக்கவாட்டில் நிற்கும். ஒரு சாண் வரைக்கும் அது ஓடுவதைக் கண்டு பலர் திகைத்துப் போவார்கள். அடுத்ததாகத் தோளை இறுக்கிக் கீழே இழுத்துப் பூட்டிவிட்டு இன்னொரு முறை தூக்குங்கள். பெருவிரல் இருந்த இடத்திலேயே நிற்கும், கையும் நெற்றிக்கு முன்னால் நின்றுவிடும்.

கணக்கு இப்படி. கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து தலைக்கு மேல் நேராக நிறுத்துவதைப் பாடப் புத்தகங்கள் 180 பாகை என்று வைக்கும். நிஜத்தில் பெரும்பாலானோர் அதற்குச் சற்றுக் குறைவாகவே போவார்கள். இந்த 180இல் தோள்மூட்டு, அதாவது மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதன் குழிக்குள் சுழல்வது, கொடுப்பது 120 அளவுதான். மிச்ச 60 தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் திரும்புவதால் வருகிறது. இரண்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தை 1944இல் இன்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அளந்து எழுதினார்கள். பிற்காலத்தில் அளந்தவர்களுக்கு ஆளுக்கு ஆள், தூக்கும் கட்டத்துக்குக் கட்டம் விகிதம் மாறி வந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டையுடையது என்ற அடிப்படை மாறவில்லை. அந்தப் பங்கைப் பூட்டி வைத்துவிட்டுக் கையை முழுதாக மேலே கொண்டுபோ என்றால், அந்த 60 பாகையை உடம்பு வேறு எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். உங்கள் நாரி வளைவது அதனால்தான். நெஞ்சுக்கூட்டைப் பின்னால் சாய்த்தால், தோள் திறக்காமலேயே கை மேலே போனது மாதிரித் தெரியும்.

தோள்பட்டையைத் திருப்புவது யார் என்று தெரிந்தால் பயிற்சியில் என்ன நினைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உள்துறைமுகத்தில் தோணிக்காரர் நின்ற இடத்திலேயே தோணியைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு துடுப்பை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் வலிப்பார். தோணி எங்கும் போகாமல் சுழலும். தோள்பட்டையிலும் அதே வேலைதான். கழுத்திலிருந்து நடு முதுகு வரைக்கும் விரிந்து கிடக்கும் ட்ரபீசியஸ் தசையின் மேற்பகுதி காறை எலும்பின் வெளிமுனையைப் பிடித்து மேலே இழுக்கிறது. அதே தசையின் கீழ்ப்பகுதி எலும்பின் உள்விளிம்பைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறது. செரேட்டஸ் என்ற தசை மேல் எட்டு ஒன்பது விலா எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டைக்கு அடியால் புகுந்து, அதன் உள்விளிம்பில், முக்கியமாகக் கீழ்நுனியில் வந்து பிடிக்கிறது. அது சுருங்கினால் கீழ்நுனி வெளியே, முன்னே ஓடும். மூன்றும் சேர்ந்து இழுத்தால் எலும்பு மேல்நோக்கித் திரும்புகிறது. கூடவே அதன் மேல்விளிம்பு சற்றுப் பின்னால் சாய்கிறது. இந்தப் பின்சாய்வும் இல்லாமல் முடியாது. நெஞ்சின் முன்பக்கச் சிறு தசை, பெக் மைனர், இறுகிப்போன ஆட்களுக்கு முதலில் குறைவது இதுதான்.

எதிர்ப்பக்கம் இழுப்பவர்கள் யார்? தோள்பட்டையின் உள்விளிம்பைப் பிடித்திருக்கும் ரொம்பொயிட், லிவேட்டர், அத்துடன் முதுகின் இரு பக்கமும் விரிந்து மேற்கை எலும்பில் போய்ப் பிடிக்கும் லாட்ஸ். தோளைப் பின்னால் சேர்த்துக் கீழே இழு என்று சொன்னால் வேலைக்கு வருவது இவைதான். அதாவது பாரத்தை மேலே தள்ளும் அதே நேரத்தில் தோள்பட்டையைக் கீழே திருப்பும் தசைகளையும் முறுக்கி வைத்திருக்கிறீர்கள்.

இனிப் பாதுகாப்பு. இதில் பழைய விளக்கம் ஒன்று இன்னும் ஜிம்களில் ஓடுகிறது: தோள்பட்டையின் மேல்முனையான அக்ரோமியனுக்கும் மேற்கை எலும்புக்கும் நடுவில் ஒரு தசைநாண் இருக்கிறது, தோள்பட்டை திரும்பாவிட்டால் எலும்பு அதை நசுக்கும், ஆகவே நோ வரும் என்பது. 1972இல் நீர் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியர் எழுதியதிலிருந்து இந்தக் கருத்து நிலைபெற்றது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தத் தசைநாண் அக்ரோமியன் என்ற எலும்புக் கூரைக்கு மிகக் கிட்ட வருவது கை தோள் மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது. கை தலைக்கு மேலே போகும் நேரத்தில் அது கூரையைக் கடந்து உள்ளே போயிருக்கும். அந்தக் கூரை எலும்பைச் சீவிவிடும் அறுவைச் சிகிச்சையை, வெறுமனே கருவியை உள்ளே விட்டுப் பார்த்து எதையும் சீவாமல் மூடியதோடு ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் இதழில் வந்தது. சீவியவர்களுக்கும் சீவாதவர்களுக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே ‘எலும்பு நசுக்குது’ என்று யாராவது பயப்படுத்தினால் அப்படியே நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் தோள்பட்டை திரும்புவதன் பெரிய பயன் வேறு. தோள்மூட்டின் குழி தோள்பட்டை எலும்பிலேயே இருக்கிறது. கை தொங்கும்போது அது பக்கவாட்டைப் பார்க்கும். எலும்பு திரும்பினால் குழி மேலே பார்க்கும், பாரத்தோடு வரும் மேற்கை எலும்பின் தலைக்கு அடியில் போய் நிற்கும். திரும்பாவிட்டால் அந்தத் தலை ஒரு விளிம்பில் சரிந்து நிற்க, சுற்றியுள்ள சிறு தசைகள் ஒவ்வொரு ரெப்பிலும் அதைப் பிடித்து வைக்கப் பாடுபடும். இன்னொன்று, தோளை மூடியிருக்கும் டெல்டொயிட் தசை தொடங்குவதும் தோள்பட்டையில்தான். தோள்பட்டை நின்றுவிட்டால் டெல்டொயிட் ஒரு கட்டத்துக்கு மேல் குறுகிப்போய் இழுக்கப் பலமில்லாமல் ஆகிவிடும். தோள்பட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டால், ஒருவரால் சொந்தப் பலத்தில் பக்கவாட்டாகக் கையை ஏறக்குறையத் தோள் மட்டம் வரைக்கும்தான் தூக்க முடியும். இன்னொருவர் பிடித்து உயர்த்தினால் இன்னும் கொஞ்சம் போகும். அந்த மிச்சத்தைப் பாரத்தோடு பலாத்காரமாகத் தள்ளுகிறீர்கள் என்றால், தோள் நுனி நோகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உங்களைப் போலவே ஒரு பொடியன் வந்தான், மூதூர்ப் பக்கம், நல்ல முதுகுக் கட்டு. 35 கிலோவை எட்டு முறை தூக்குவான், ஆனால் பார் தலைக்கு மேலே வராமல் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் முடியும், நாரி வில்லாக வளையும். அவனை நான் பார்த்த ஒழுங்கிலேயே நீங்களும் உங்களைப் பார்க்கலாம்.

அவனைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, நாரி தரையோடு ஒட்டும்படி வைத்தேன். அப்படியே இரண்டு கையையும் பெருவிரல் முன்னால் போகிற மாதிரித் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னபோது மணிக்கட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. நாரியை விட்டுவிடு என்றதும் மணிக்கட்டு தரையில் பட்டது. அவன் நாளும் காட்டி வந்த ‘முழு வீச்சில்’ ஒரு சாண் நாரியுடையது. பிறகு உள்ளங்கையை முகத்தைப் பார்க்கத் திருப்பி, முழங்கைகளை ஒட்டி வைத்து அதையே செய்யச் சொன்னேன். இன்னும் முன்னதாகவே நின்றது. லாட்ஸ் மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் போய்ப் பிடிப்பதால், கையை வெளியே திருப்பினால் அது இன்னும் இழுபடும். அங்கே கை நின்றால் லாட்ஸ் மேல் சந்தேகம் வைக்கலாம். வலை இழுப்பவர், மூட்டை தூக்குபவர் இருவருக்கும் அந்தத் தசை பலமாகத்தான் இருக்கும். பலம் குற்றமில்லை, ஆனால் நீளமாக விடத் தெரியாத பலம் இந்தப் பயிற்சியில் எதிராளி.

மூன்றாவது பார்வைதான் முடிவைச் சொன்னது. அவன் நின்றபடி வலக்கையைத் தூக்க, பின்னாலிருந்து நான் ஒரு கையால் தோளின் மேல்பக்கத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தோள்பட்டையின் கீழ்நுனியை வெளியே மேலே தள்ளி உதவினேன். நோ வருகிற இடத்தை அவன் நோ இல்லாமல் கடந்தான், கையும் கூடுதலாகப் போனது. உதவியால் நோ குறைந்தால், மூட்டுக்குள் இடமிருக்கிறது, தோள்பட்டை தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உதவி செய்தும் எதுவும் மாறாவிட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. உங்கள் நண்பரை வைத்தே இதைச் செய்து பாருங்கள், முரட்டுத்தனம் மட்டும் வேண்டாம்.

அவனுக்கு நான் முதலில் செய்தது பாரத்தைக் குறைத்தது. 20 கிலோவுக்கு இறங்கச் சொன்னதில் அவனுக்கு முகம் சுருங்கிப் போனது, அது வேறு கதை. பாரைத் தோள் அகலத்துக்குச் சற்று வெளியே பிடித்து, முழங்கை பாருக்குக் கொஞ்சம் முன்னால், கையின் கீழ்ப்பகுதி செங்குத்தாக இருக்க வேண்டும். குண்டியை இறுக்கி, விலாவைக் கீழே வைத்துக்கொள். தோளைக் கீழே இழுக்காதே, காதடிக்கும் தூக்கி வைக்காதே, சும்மா விடு. பார் நெற்றியைத் தாண்டும் நேரத்தில் தலையைக் கைகளுக்கு நடுவில் கொண்டுவா, அதே நேரத்தில் கமக்கட்டை முன்னுக்கும் மேலுக்கும் தள்ளு. உச்சியில் தோள் காதை நோக்கி உயரட்டும். இந்தக் கடைசி வார்த்தையில்தான் பெரும்பாலானோர் தயங்குவார்கள், ‘ட்ரப்ஸ் எழும்பக் கூடாது’ என்று கேட்டுப் பழகிவிட்டார்கள். உச்சியில் எழும்பத்தான் வேண்டும். தப்பு எதுவென்றால், கை தொங்கும் நிலையிலிருந்து கொஞ்சம் அசைந்ததுமே தோள் காதுக்கு ஏறிவிடுவது. அப்போது எலும்பு திரும்பவில்லை, முழுசாக மேலே தூக்கப்படுகிறது. நண்பனின் பெருவிரலை மறுபடி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: திரும்பினால் கீழ்நுனி பக்கவாட்டாக ஓடும், வெறுமனே ஏறினால் நுனியும் நேரே மேலே ஏறும்.

பிரஸுக்கு முன்னால் இரண்டு வேலை கொடுத்தேன். ஒன்று, சுவரில் ஒரு துவாயை வைத்து அதன் மேல் இரண்டு முன்கைகளையும் பதித்து, சுவரை மெல்லத் தள்ளிக்கொண்டே துவாயை மேலே வழுக்கிச் செல்வது. சுவரைத் தள்ளும் அந்த அழுத்தம்தான் செரேட்டஸை எழுப்புகிறது. தள்ளாமல் வெறுமனே வழுக்கினால் அது தூங்கிக்கொண்டே இருக்கும். எட்டு பத்து முறை, இரண்டு செட் போதும், விலாப் பக்கத்தில் இலேசாகக் களைத்தால் சரியான இடம். மற்றது, கதிரைக்கு முன்னால் முழங்காலில் நின்று, முழங்கைகளைக் கதிரையில் ஊன்றி, நெஞ்சைத் தரைப் பக்கம் இறக்கி லாட்ஸை நீட்டுவது, நாரி வளையாமல். இது முதல் வேலைக்கு வழிவிடத்தான், தனியே இதை மட்டும் செய்துகொண்டிருந்தால் பெரிதாக எதுவும் மாறாது.

பாரத்தைக் கூட்ட அவனுக்கு நான் வைத்த சட்டம் ஒன்றே: செட்டின் கடைசி ரெப்பிலும் கை காதடியில் முடிய வேண்டும், நாரி தொடக்கத்தில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். இரண்டும் சரியானால் 2.5 கிலோ கூட்டலாம். சில கிழமைகளில் 30ஐத் தாண்டினான். தோள் நுனி நோவும் அதற்கு முன்னாலேயே விட்டுப் போயிருந்தது. மணிக்கட்டு முழுதாகத் தரையில் படவில்லை, நாலு விரல் அளவு மீந்தே இருந்தது. அது அவனுடைய எலும்பின் அமைப்பாகவும் இருக்கலாம், நெஞ்சு முதுகு நிமிராததாகவும் இருக்கலாம். அப்படி மீந்தவர்களுக்கு ஒரு கையால் டம்பெல் தூக்குவது, அல்லது பாரின் ஒரு முனையைச் சுவர் மூலையில் ஊன்றி மறுமுனையைச் சாய்வாக மேலே தள்ளுவது இரண்டும் நல்ல மாற்று. கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடியில் பார்த்து ஒரு தோள்பட்டை மற்றதை விட வேறு மாதிரி அசைகிறது என்று கவலைப்படுபவர்கள் உண்டு. நோவே இல்லாத பலருக்கும் அப்படித்தான் இருக்கிறது. வித்தியாசம் மட்டும் நோயில்லை. வித்தியாசத்தோடு நோவும், வீச்சுக் குறைவும் சேர்ந்தால்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பதிலுக்கு அப்பாற்பட்ட தோள்களும் இருக்கின்றன. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இன்னொருவர் திருப்பிவிட்டாலும் போகவில்லை என்றால் அது உறைதோளாக இருக்கலாம், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வரும். மறுகையால் தூக்கினால் போகிற கை, விட்டவுடன் விழுகிறது என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். சுவரில் கையை ஊன்றித் தள்ளும்போது ஒரு தோள்பட்டையின் உள்விளிம்பு முதுகிலிருந்து செட்டை விரித்த மாதிரி எழும்பி நின்றால், செரேட்டஸுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அது ஆற மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் எடுக்கும், பாரம் தூக்கி அதைச் சரியாக்க முடியாது. விழுந்து எழும்பிய பிறகு தொடங்கிய நோ, இரவில் எழுப்புகிற நோ, கை விறைப்பு இவற்றில் எது இருந்தாலும் ஜிம்மை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். போகும்போது எந்த உயரத்தில் நோகிறது, தோள்பட்டையைத் தள்ளி உதவினால் குறைகிறதா என்ற இரண்டையும் சொன்னால், பார்ப்பவருக்கு வேலை பாதி குறையும்.

கரைவலைக்குப் போன நாளில் பின்னேரம் பாரம் கூட்ட வேண்டாம். களைத்த செரேட்டஸ் பிந்தித்தான் வேலை செய்யும், லாட்ஸோ காலையிலிருந்து இழுத்து முறுகிப் போயிருக்கும். அன்றைக்குத் துவாயும் சுவரும், பார் மட்டும் வைத்து இரண்டு செட்டும் காணும். 2.5 கிலோவை வலை இழுக்காத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.